இரண்டு அடிக்கு மூன்று ஆட்டம்

சேலம் அம்மாபேட்டையில் என் தாய்மாமாவின் வீட்டு மாடியில் ஆறு விசைத்தறிகள் ஓடுகின்றன. கீழ்த்தளத்தில் நூல் மூட்டைகளும் இரண்டு வண்டிகளும் நிற்பதற்காகச் சுவர் எழுப்பாமல் தூண்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தத் தூண்களின் மேல் கான்கிரீட் தளம், தளத்தின் மேல் தறிகள். மாடியின் வடக்குச் சன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை முழுதாகத் தெரியும் என்பதால், சிறுவயதில் அங்கே போனால் நான் தறியைப் பார்த்ததைவிட மலையைப் பார்த்ததே அதிகம்.

தறியில் குறுக்கு நூல் ஒருமுறை பாய்வது ஒரு ஊடை. சென்ற ஆண்டு மாமா, மோட்டாரின் கப்பியை மாற்றி, நிமிடத்துக்கு 110 ஊடையாக இருந்த தறிகளின் வேகத்தை 120 ஊடையாகக் கூட்டினார். அன்றிலிருந்து மாடி ஆடத் தொடங்கியது. வேகம் கூடியதால் சத்தமும் குலுக்கமும் சற்றுக் கூடுவது இயல்புதான், ஆனால் இது அந்த வகையில் அடங்கவில்லை. பத்து ஊடை கூட்டியதற்கு ஆட்டம் நாலைந்து மடங்கானது. சன்னலோரத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பில் நீர் ஒரு பக்கமாகவே அலைந்தது. நான் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறவள் என்பதால் மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“கண்ணு, தறி ரெண்டு அடி அடிச்சா மாடி மூணு ஆட்டம் ஆடுது, எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்த்தேன். கைப்பேசியைத் தரையில் படுக்கவைத்து, அதிர்வைப் பதியும் செயலி ஒன்றை ஓடவிட்டு, பத்து நொடி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஊடையின் திசையில் முப்பது முகடுகள் இருந்தன. அதே பத்து நொடியில் தறி இருபது ஊடை போட்டிருந்தது. மாமா காலால் உணர்ந்து சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது.

எனக்கு அது உறுத்தியது. நொடிக்கு இரண்டு முறை திரும்பத் திரும்ப நிகழும் விசை ஒன்று இருந்தால், அதில் மறைந்திருக்கக்கூடிய அதிர்வெண்கள் 2, 4, 6 என இரண்டின் மடங்குகளாக மட்டுமே இருக்க முடியும். ஃபூரியர் தொடரின் முதல் பாடமே அதுதான். மூன்று என்பது இரண்டின் மடங்கு அல்ல. அப்படியானால் நொடிக்கு மூன்று ஆட்டம் எங்கிருந்து வந்தது?

அன்று மாலை நான் செய்த முதல் கணக்கு தவறானது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் அதே தவறு அது. தறியின் விசையை நொடிக்கு இரண்டு அலைவு கொண்ட ஒற்றைச் சைன் அலையாக எடுத்துக்கொண்டேன். தளத்தின் இயல்பு அதிர்வெண் மூன்று என்று வைத்தேன். இரண்டும் நெருங்கவில்லை, எனவே நிலையான விசை தரும் நகர்வைப்போல் 1.8 மடங்குதான் ஆட்டம் இருக்கும் என்று வந்தது. செம்பில் அலைந்துகொண்டிருந்த நீர் அந்த விடையை ஏற்கவில்லை.

தவறு எங்கே என்பது மறுநாள் காலை, ஓடாமல் நின்றிருந்த தறியின் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் நாடாவை மாமா கையில் எடுத்துக் காட்டியபோது விளங்கியது. நாடா இடப்பக்கப் பெட்டியிலிருந்து வலப்பக்கப் பெட்டிக்குப் பறக்கிறது. அது ஒரு ஊடை. அடுத்த ஊடைக்கு அது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. ஊடையின் திசையில் தறி தரைக்குக் கொடுக்கும் தள்ளல், ஒவ்வொரு ஊடைக்கும் திசை மாறுகிறது. எல்லாம் முதலில் இருந்த நிலைக்கே திரும்பிவர இரண்டு ஊடை ஆக வேண்டும். எனவே விசையின் காலம் அரை நொடி அல்ல, ஒரு நொடி. அடிப்படை அதிர்வெண் நொடிக்கு ஒன்று. அதன் மடங்குகளில் மூன்று தாராளமாக இருக்கிறது. காதுக்கு இரண்டு அடியும் ஒரே மாதிரி கேட்டதால் நான் ஏமாந்திருக்கிறேன். தளத்துக்கு அவை எதிரெதிர் அடிகள்.

நீள நூலான பாவின் திசையில் வேறொரு விசையும் இருக்கிறது. ஊடையை அடித்து நெருக்கும் சட்டம் முன்னும் பின்னும் போய்வருகிறது, அதற்கு ஒவ்வொரு ஊடையும் ஒரே மாதிரிதான், அதன் காலம் அரை நொடியேதான். ஆனால் அந்தத் திசையில் கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர் இருப்பதால் கட்டடம் விறைப்பாக நிற்கிறது. ஆட்டம் முழுதும் ஊடையின் திசையில்தான். எனவே நாடாவை மட்டும் பார்ப்போம்.

தளத்தை ஏன் சுருள்வில் என்று சொல்லலாம் என்பதை முதலில் தெளிவாக்குகிறேன். தூண்கள் மெலிந்தவை. மேலே இருக்கும் தளம் ஒரு பக்கமாக நகர்ந்தால் தூண்கள் சற்று வளைகின்றன, வளைந்த அளவுக்கு ஏற்ற விசையோடு தளத்தைத் திரும்ப இழுக்கின்றன. நகர்வு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்வரை விசையும் நகர்வும் நேர்விகிதத்தில் இருக்கும். ஆக, தளமும் தறிகளும் சேர்ந்த நிறை m, தூண்கள் எல்லாம் சேர்ந்த சுருள்மாறிலி k, உராய்விலும் விரிசல்களிலும் ஆற்றல் வீணாவதைக் குறிக்கும் தடைமாறிலி c ஆகிய மூன்றும் போதும்.

```
m x'' + c x' + k x = F(t)
```

இதில் m ஏறத்தாழ 20 டன் என்று கணக்கிட்டேன். தளத்தின் கனத்தையும் பரப்பையும் அளந்து, தறிகளின் எடையைச் சேர்த்தேன். இயல்பு அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கக் கணக்கே தேவைப்படவில்லை. தறிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, மாமாவின் மகனும் இன்னொரு தறிக்காரரும் மேல்தளத்துச் சன்னல் சட்டத்தில் தோள் கொடுத்து, ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் தாளத்தோடு ஐந்தாறு முறை உந்திவிட்டு விலகினார்கள். கைப்பேசியின் வரைபடத்தில் நொடிக்கு மூன்று அலைவாகத் தளம் ஆடி அடங்குவது தெரிந்தது. முகடுகளின் உயரம் ஐந்தரை அலைவுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. பாதியாகக் குறைய ஐந்தரை அலைவு ஆகிறது என்றால், ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் தடைவிகிதம் ஏறத்தாழ 0.02. இயல்பு அதிர்வெண் 3 ஆகவும் நிறை 20 டன்னாகவும் இருந்தால் k ஒரு மீட்டருக்கு 71 லட்சம் நியூட்டன் என்று வருகிறது.

இனி விசை. இதுதான் இந்தக் கதையில் சுவையான பகுதி என்று நினைக்கிறேன். பாடநூல்களில் சைன் அலை அல்லாத விசைக்கு எப்போதும் சதுர அலையைத்தான் எடுத்துக்காட்டாகத் தருவார்கள். அரைக் காலம் ஒரு பக்கம் தள்ளும், அரைக் காலம் மறுபக்கம் தள்ளும். அதன் ஃபூரியர் தொடரில் ஒற்றைப்படை உறுப்புகள் மட்டும் இருக்கும், அவற்றின் அளவு 1, 1/3, 1/5 என்று இறங்கும். அதையே வகுப்பில் நடத்தி நடத்தி, உயர்மடங்குகள் எல்லாம் தொடக்க உறுப்பைவிடச் சிறியவையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்கே ஊறிப்போயிருந்தது. தறியின் விசை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

நாடாவைத் தூக்கிச் சமையலறைத் தராசில் வைத்தேன். உள்ளே நூல் சுற்றிய தார் நிறைந்த நிலையில் 400 கிராம். நொடிக்கு 240 சட்டகம் எடுக்கும் வேகத்தில் கைப்பேசியால் படம்பிடித்துப் பார்த்தபோது, நாடா ஏவப்பட்ட நேரத்துக்கும் எதிர்ப் பெட்டியில் பிடிபட்ட நேரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 48 சட்டகங்கள் இருந்தன. அதாவது 0.2 நொடி. பயணத் தொலைவு இரண்டு மீட்டர். எனவே நாடாவின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், உந்தம் 4 நியூட்டன் நொடி.

ஒரு ஊடையில் தரைக்கு நிகழ்வது இதுதான். பிக்கிங் ஸ்டிக் நாடாவை வலப்பக்கம் ஏவும்போது தறி இடப்பக்கம் உதைபடுகிறது. 0.2 நொடி கழித்து நாடா வலப்பெட்டியில் முட்டி நிற்கும்போது தறி வலப்பக்கம் உதைபடுகிறது. இரண்டும் அளவில் ஒன்று, திசையில் எதிர். ஒரு ஊடை முழுவதற்கும் கூட்டினால் தரைக்குக் கிடைத்த மொத்தத் தள்ளல் சுழி. அடுத்த ஊடையில் இதே இரண்டு உதைகள் திசை மாறி வருகின்றன. அரைக் காலம் கடந்தால் விசை அப்படியே எதிர்க்குறி பெறும் இந்தச் சமச்சீர் இருந்தால், இரட்டைப்படை உறுப்புகள் ஒன்றுகூட இல்லாமல் ஒழிந்துவிடும். சதுர அலையில் ஒழிவதும் இதனால்தான்.

உதைகளைக் கணநேரத் தாக்குகளாகக் கொண்டு, ஊடையின் நடுக்கணத்தை நேரத்தின் தொடக்கமாக வைத்தால், கோசைன் உறுப்புகளும் விலகிவிடும். மிஞ்சும் சைன் உறுப்புகளின் கெழுவைக் கண்டுபிடிக்க வேண்டிய தொகையீடு, நான்கு தாக்குகளின் கூட்டலாகச் சுருங்கிவிடுகிறது. தொகையிட எதுவுமில்லை, நான்கு இடங்களில் சைன் மதிப்பை எழுதிக் கூட்டினால் போதும். J நாடாவின் உந்தம், T விசையின் காலம், τ நாடா பறக்கும் நேரம்.

```
b_n = (8J/T) sin(nπτ/T)     n = 1, 3, 5, 7, ...
J = 4 N·s,  T = 1 s,  τ = 0.2 s
```

இதில் n பெருகப் பெருக வகுக்கும் எண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சதுர அலையில் இருந்த 1/n இங்கே இல்லை. கெழு, சைனின் மதிப்பைப் பொறுத்து ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். முதல் உறுப்பில் சைன் 36 பாகை, கெழு 18.8 நியூட்டன். மூன்றாம் உறுப்பில் சைன் 108 பாகை, கெழு 30.4 நியூட்டன். மூன்றாம் மடங்கு, அடிப்படையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது! ஐந்தாம் உறுப்பில் சைன் 180 பாகை, கெழு சுழி. ஏழாம் உறுப்பு மறுபடியும் 30.4 அளவில், எதிர்க்குறியோடு.

உண்மையில் எந்த உதையும் கணநேரத்தில் முடிவதில்லை. நாடா ஓய்விலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை எட்ட, இருபது சென்டிமீட்டர் தொலைவும் 0.04 நொடியும் ஆகின்றன. இந்த அகலத்தைக் கணக்கில் சேர்த்தால் மூன்றாம் உறுப்பு இரண்டரை விழுக்காடும் ஏழாம் உறுப்பு பன்னிரண்டு விழுக்காடும் குறைகின்றன. அதற்கும் மேலே போகப் போகக் குறைவு பெரிதாகி, இருபத்தைந்தாம் உறுப்பில் சுழியாகிவிடும். நமக்கு வேண்டிய மூன்றாம் உறுப்பில் மாற்றம் அற்பம் என்பதால் கணத்தாக்கு என்ற எளிமையையே வைத்துக்கொள்கிறேன்.

விசையைச் சைன் அலைகளாகப் பிரித்த பிறகு, ஒவ்வொரு அலையும் தனியாக இந்தச் சுருள்வில்லை இயக்கினால் என்ன நிகழும் என்று கேட்க வேண்டும். சமன்பாடு நேரியலானது, x உம் அதன் வகைக்கெழுக்களும் முதல் அடுக்கில் மட்டுமே வருகின்றன. எனவே இரண்டு விசைகளின் கூட்டலுக்கான விடை, தனித்தனி விடைகளின் கூட்டலே. உறுப்பு உறுப்பாகத் தீர்ப்பதற்கு உரிமை தருவது இந்த ஒன்றுதான். தூண்கள் பெரிய நகர்வில் விறைத்துக்கொண்டால், அல்லது தறியின் ஆணிகள் கழன்று தறி தரையைவிட்டு எழும்பினால், இந்த உரிமை பறிபோகும். அப்போது ஃபூரியர் தொடரை எழுதலாம், விடையைக் கூட்டிக் கொடுக்க அது உதவாது.

n-ஆம் உறுப்புக்கான நிலைத்த விடையின் வீச்சு இது:

```
X_n = (b_n / k) / sqrt( (1 - r²)² + (2ζr)² ),   r = n f / f0
```

இங்கே f விசையின் அடிப்படை அதிர்வெண், f0 தளத்தின் இயல்பு அதிர்வெண், ζ தடைவிகிதம். முதல் காரணி, அதே விசை அசையாமல் நின்று தள்ளினால் தளம் எவ்வளவு நகரும் என்பது. இரண்டாவது, அந்த நகர்வைத் தளம் எத்தனை மடங்காக்குகிறது என்பது. விசையின் கெழு தறியின் பண்பு. பெருக்கும் காரணி கட்டடத்தின் பண்பு. இரண்டையும் தனித்தனியே எழுதி, பிறகு பெருக்குவதே இந்த முறையின் வசதி.

நிமிடத்துக்கு 120 ஊடையில் ஒரு தறிக்கு எண்களைப் போட்டேன். முதல் உறுப்பின் அதிர்வெண் 1; தளம் அதைச் சற்றே பெருக்கி 1.125 மடங்காக்குகிறது, வீச்சு 3 மைக்ரான். மூன்றாம் உறுப்பின் அதிர்வெண் 3. அது இயல்பு அதிர்வெண்ணிலேயே போய் உட்காருகிறது. பெருக்கம் 25 மடங்கு. வீச்சு 107 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஐந்தாவது இல்லை. ஏழாவதின் கெழு மூன்றாவதற்குச் சமமாக இருந்தாலும், அவ்வளவு வேகமாகத் தள்ளினால் 20 டன் தளம் அசைய மறுக்கிறது, பெருக்கம் 0.225 தான், வீச்சு ஒரு மைக்ரான். ஒன்பதாவதைப் பேசவே வேண்டியதில்லை.

ஆக, தொடரில் முடிவில்லாத உறுப்புகள் இருந்தாலும், தளம் செய்துகாட்டுவது ஏறத்தாழ ஒரே ஒரு சைன் அலை. மூன்றாம் உறுப்பு மற்றவற்றைவிட முப்பத்தைந்து மடங்கு பெரியது. உதைகள் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் செம்பில் நீர் வழவழப்பாக அலைந்ததன் காரணம் இதுதான். இரண்டு ஊடைக்கு, அதாவது ஒரு நொடிக்கு, மூன்று ஆட்டம்.

110 ஊடையில் ஏன் இது தெரியவில்லை என்பதும் இதே சூத்திரத்தில் இருக்கிறது. அப்போது மூன்றாம் உறுப்பின் அதிர்வெண் 2.75. பெருக்கம் 25-லிருந்து 6 ஆக விழுகிறது. வீச்சு 25 மைக்ரான். கப்பியை மாற்றியதால் வந்த நான்கு மடங்கு இதுதான். ஒத்ததிர்வின் உச்சம் எவ்வளவு ஒடுங்கியது என்று பார்த்தால், உச்சத்தின் இரு பக்கமும் வீச்சு எழுபது விழுக்காடாகக் குறையும் இடங்களுக்கு நடுவே 0.12 ஹெர்ட்ஸ்தான் இருக்கிறது; அதை ஊடைக் கணக்குக்கு மாற்றினால் நிமிடத்துக்கு ஐந்து ஊடைகூட இல்லை. மாமா தற்செயலாக அந்தச் சிறிய இடைவெளியின் நட்டநடுவில் போய் நின்றிருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வியை என் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டதுண்டு: கெழுக்கள் குறையவே குறையாத தொடர் குவியாதே, குவியாத தொடரை உறுப்பு உறுப்பாகத் தீர்ப்பது எப்படிச் சரியாகும்? நல்ல கேள்வி. கணத்தாக்குகளின் ஃபூரியர் தொடர் வழக்கமான பொருளில் குவிவதில்லை என்பது உண்மை. 1807-இல் ஃபூரியர் வெப்பப் பரவலைப் பற்றித் தம் முதல் கட்டுரையைப் பாரிசில் அளித்தபோது லக்ராஞ்சு எழுப்பிய தடைகளும் இத்தகைய தொடர்கள் குவிகின்றனவா என்பதைச் சுற்றியவையே. ஆனால் சுருள்வில் இங்கே நமக்கு உதவுகிறது. n பெரிதாகும்போது பெருக்கும் காரணி 1/n² வேகத்தில் இறங்குவதால், விசையின் கெழுக்கள் இறங்காவிட்டாலும் நகர்வின் கெழுக்கள் 1/n² ஆக இறங்குகின்றன. அந்தத் தொடர் ஐயமின்றிக் குவிகிறது. அதை ஒருமுறை வகைக்கெழு எடுத்தால் வேகம், கெழுக்கள் 1/n ஆக மட்டுமே இறங்கும். ஒவ்வொரு உதையிலும் தளத்தின் வேகம் J/m அளவுக்குத் துள்ளுவதன் அடையாளம் அது. இன்னொருமுறை எடுத்தால் முடுக்கம், அங்கே குவிதல் போய்விடும், ஏனென்றால் முடுக்கத்தில் உதையே இருக்கிறது. எனவே நகர்வை வரைய ஐந்தாறு உறுப்பு போதும் என்று கண்டவர், அதே ஐந்தாறு உறுப்பை வைத்து முடுக்கத்தையும் வரைந்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கைப்பேசி அளப்பது முடுக்கத்தை என்பதால், அதன் வரைபடத்தில் முட்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நானும் முதலில் சற்றுத் திகைத்தேன்.

இவ்வளவும் ஒரு தறிக்கு. மாடியில் ஆறு இருக்கின்றன. ஆறும் ஒரே தாளத்தில் அடித்தால் ஆறு மடங்கு, அதாவது அறுநூற்றுச் சொச்சம் மைக்ரான். தாளம் தப்பி அடித்தால் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி பெல்ட். எனவே வேகங்கள் நூலிழை அளவுக்கு வேறுபடும். மாமா முன்னரே சொல்லியிருந்தார், “ஒரு நேரம் ஆடும், ஒரு நேரம் அடங்கும், என்ன கணக்குன்னே புரியல” என்று. இரண்டு தறிகள் நிமிடத்துக்கு ஒரே ஒரு ஊடையால் வேறுபட்டால், அடிப்படை அதிர்வெண் நிமிடத்துக்கு அரை அலைவால் வேறுபடும். மூன்றாம் உறுப்பில் அது மூன்று மடங்காகி, நிமிடத்துக்கு ஒன்றரை அலைவாகும். ஆட்டம் நாற்பது நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். மற்ற நான்கையும் நிறுத்திவிட்டு இரண்டை மட்டும் ஓடவிட்டு வரைபடத்தைப் பார்த்தோம். அந்த இரண்டுக்கும் ஐம்பது நொடி ஆனது. வேறுபாடு ஒரு ஊடைக்கும் சற்றுக் குறைவு என்று பொருள்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. 110-க்கே திரும்பிவிடலாம் என்றேன். மாமா உடன்படவில்லை. நூற்று இருபதில் பத்து போனால் நெசவில் எட்டு விழுக்காடு போகிறது, அதற்கு நான் சூத்திரம் எழுதிக் காட்டத் தேவையில்லை. 132-க்கு ஏற்றினால் மூன்றாம் உறுப்பு 3.3-க்குப் போய் ஆட்டம் அடங்கும், ஆனால் அந்த வேகத்துக்கு அவருடைய நூல் தாங்காது, அறுந்துகொண்டே இருக்கும் என்றார்.

மிச்சமிருந்த வழி கட்டடத்தை மாற்றுவது. k-ஐக் கூட்டினால் இயல்பு அதிர்வெண் ஏறும். எதுவரை ஏற்றுவது என்பதில் ஃபூரியர் தொடர் மறுபடியும் வழிகாட்டியது. மூன்றிலிருந்து தப்பி ஐந்தில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. என் கணக்கில் ஐந்தாம் உறுப்பு சுழி என்றாலும் அதை நம்பிக் கட்டடத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. நாடா 0.2 நொடிக்குப் பதில் 0.18 நொடியில் பறந்தால், அந்தச் சுழி பத்து நியூட்டனாகிவிடும். தார் தீரத் தீர நாடா எடை குறைகிறது, பெட்டியின் பிடிப்பு மாறுகிறது. அந்தச் சுழி ஒரு தற்செயல்தான். ஆனால் நான்காம் உறுப்பு இல்லாமலிருப்பது தற்செயலல்ல, சமச்சீரால் வந்தது. ஆகவே நான்கில் நிறுத்தலாம் என்றேன். அங்கே மூன்றாம் உறுப்பின் பெருக்கம் 2.3, ஐந்தாம் உறுப்பின் பெருக்கம் 1.8.

கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, ஊடையின் திசையில் தூண்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகளைப் பொருத்தி, முறுக்கி இறுக்கச் சொன்னார். வண்டிகள் நுழைய ஒரு பக்கம் விட்டுவிட்டு மற்ற இடங்களில் போட்டார்கள். மறுபடியும் தோள் கொடுத்து உந்திப் பார்த்தோம். நொடிக்கு நான்கு அலைவு. தறிகளை 120-இல் ஓடவிட்டபோது செம்பின் நீர் நடுங்கியதே தவிர அலையவில்லை. சூத்திரத்தின்படி ஒரு தறிக்கு வீச்சு 107 மைக்ரானிலிருந்து ஐந்தரை மைக்ரானாக இறங்கியிருக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் மூன்று நிமிடப் பதிவு ஒன்றை எடுத்து, அதை அதிர்வெண்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு முகடு இருந்தது, எதிர்பார்த்ததுதான். நான்கிலும் ஒரு முகடு இருந்தது. மூன்றாவதைவிடச் சிறியது, ஆனால் இருக்கவே கூடாதது.

இரட்டைப்படை உறுப்பு வந்திருக்கிறது என்றால் சமச்சீர் உடைந்திருக்கிறது. இடமிருந்து வலம் போகும் நாடாவும் வலமிருந்து இடம் போகும் நாடாவும் ஒரே உந்தத்தோடு போகவில்லை. இரண்டு உந்தங்களும் J1, J2 என்றால் இரட்டைப்படை உறுப்பின் கெழு இப்படி வரும்:

```
b_n = (4/T)(J1 - J2) sin(nπτ/T)     n = 2, 4, 6, ...
```

பத்து விழுக்காடு வேறுபாட்டுக்கு நான்காம் உறுப்பு ஒரு நியூட்டன்கூட வராது. மூன்றாவதின் 30 நியூட்டனுக்கு முன் அது தூசு. ஆனால் நாமே கட்டடத்தை நான்கில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம், அதனால் அந்தத் தூசு இருபத்தைந்து மடங்காகி, ஏறத்தாழ இரண்டு மைக்ரானாக வெளியே தெரிகிறது.

மாமாவிடம், “ஏதோ ஒரு தறியில் ஒரு பக்கத்து அடி வலுவாகவும் மறுபக்கத்து அடி மெலிவாகவும் இருக்கிறது மாமா” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை அதிகமில்லை. ஒவ்வொரு தறியாக நிறுத்தி, நிறுத்தியபின் மும்மூன்று நிமிடம் பதிவெடுத்தோம். நான்காவது தறியை நிறுத்தியதும் நான்கில் இருந்த முகடு பெருமளவு மறைந்தது. அவர் குனிந்து அதன் இடப்பக்கத்துப் பிக்கிங் ஸ்டிக்கை இழுக்கும் தோல் பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“தொளதொளன்னு இருக்குது கண்ணு,” என்று சொல்லிவிட்டு, பட்டையை அவிழ்த்து இரண்டு துளை உள்ளே தள்ளிக் கட்டினார்.